இரண்டு முறை போன சாக்குப் பணம்

நான் கணக்குப் பார்த்த அரிசி ஆலை தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், இரண்டு பக்கமும் வயல் சூழ இருந்தது. வயல் என்றதும் யாரும் மயங்க வேண்டாம். நெல் அவிக்கிற வாடையும் உமிச் சாம்பலும் சேர்ந்து, காலையில் கட்டிக்கொண்டு போன வெளிர் நிறப் புடவை சாயங்காலம் வேறு நிறத்தில் வீடு திரும்பும். பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் கணக்கும் படித்து, கடைசியில் உமித்தூளை ஊதிவிட்டு கீபோர்டில் கை வைக்கிற வேலை. ஆனாலும் எங்கள் தெருவில் நடவுக்கும் களைபறிக்கும் போகாமல் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் நான் என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு வீட்டில் அனுமதி கிடையாது.

ஆலைக்குச் சாக்கு கொடுத்தவர் அதிராம்பட்டினத்துக்காரர். ஒருமுறை பயன்படுத்திய சணல் சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, கட்டுக் கட்டாக ஆலைகளுக்கு விற்பார். எல்லோருக்கும் அவர் சாக்கு பாய். அறுபதைத் தாண்டிய மனிதர். இந்தத் தொழில் செய்கிறவர் இவ்வளவு வெள்ளையாகச் சட்டை போடலாமா என்று நாங்கள் கேலி செய்வோம். “சாக்குல இருக்குற தூசு சட்டையிலயும் இருந்தா எவன்மா நம்பிக் கடன் குடுப்பான்?” என்பார்.

ஒவ்வொரு லோடுக்கும் அவர் பில்லில் இரண்டு பிரதி இருக்கும். வெள்ளைப் பிரதி லாரியோடு வரும். குடோனில் சாக்கை எண்ணிப் பார்த்து, முத்திரை குத்தி, அங்கிருக்கிற கம்ப்யூட்டரிலேயே பதிந்துவிடுவார்கள். ரோஸ் பிரதி வியாபாரியின் கையில் இருக்க வேண்டியது. பாய் அதை மாதம் ஒருமுறை க்ளிப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து ஆபீஸ் முன்மேசையில் கொடுப்பார். யாரும் கேட்டதில்லை. சரக்கை லாரியில் ஏற்றிவிட்டு முகம் காட்டாமல் இருப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த மனிதர் நீட்டிய காகிதத்தை ஓரமாக வைப்பது மரியாதை இல்லை என்பது எங்கள் முன்மேசையின் கட்சி. எனவே அவர் எதிரிலேயே அதையும் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு டீ சொல்வார்கள்.

டீ குடிக்கும்போது அவர் மகனைப் பற்றிப் பேசுவார். ஒரே மகன். சவுதியில் தம்மாம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரைவராகப் போனவன். ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொள் என்று இவர் போனில் சத்தம் போட, அவன் பதிலுக்குச் சத்தம் போட, அதோடு பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் அவன் நம்பரும் வேலை செய்யவில்லை. கம்பெனியை விட்டு வேறு எங்கோ போய்விட்டான் என்று யாரோ சொன்னார்களாம்.

“பேசத்தான் மாட்டேங்குறான். ஆனா மாசமானா அவங்க உம்மா அக்கவுண்ட்டுக்குப் பணம் வந்துருது. அல்ஹம்துலில்லாஹ். கோவம் எம்மேலதான், உம்மாவ மறக்கல பாருங்க. பணம் வருதுன்னா புள்ள கையும் காலுமா நல்லா இருக்கான்னுதானேம்மா அர்த்தம்?”

“அதுல என்ன பாய் சந்தேகம்? ரோஷக்காரப் புள்ள, நாளைக்கே வந்து நிப்பாரு” என்பேன் நான். எனக்கென்ன, சொல்கிற வாய்தானே. அவருக்கு அந்த வார்த்தை டீயைவிட இதமாக இருந்திருக்க வேண்டும். அடுத்த மாதமும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வருஷக் குறுவை அறுவடை முடிந்த சமயம், முதலாளி என்னைக் கூப்பிட்டார். சாக்குச் செலவு முந்தின வருஷத்தைவிட எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, அரைத்த நெல்லோ கிட்டத்தட்ட அதே அளவுதான். வங்கியில் கடன் புதுப்பிக்க வேண்டும், ஆடிட்டர் கேள்வி கேட்டுவிட்டார்.

“குடோன்ல எவனோ சாக்கை வெளியில விக்கிறாம்மா. ஆளைப் புடிச்சா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன். நீ லிஸ்ட்டை எடுத்துப் பாத்துச் சொல்லு” என்றார்.

குடோனைப் பார்த்துக்கொண்டவர் வாயில்லாப் பூச்சி. அவர்மேல் பழி விழுகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வேலையை நன்றாகச் செய்வேன்.

ஒரு வருஷத்தில் வியாபாரிகளுக்குப் போன பணம் முழுவதையும் மென்பொருளிலிருந்து எக்ஸெல்லுக்கு எடுத்தேன். தேதி, வவுச்சர் எண், வியாபாரியின் குறியீட்டு எண், பெயர், பில் எண், தொகை, போன வங்கிக் கணக்கு என்று வரிசையாக வந்தது. மென்பொருள் தன் பெருமைக்குத் தலைப்பில் ஆலையின் பெயர், நடுவில் காலி வரி, பக்கத்துக்குப் பக்கம் கூட்டல் எல்லாம் போட்டுத் தரும். அதையெல்லாம் துடைத்து, ஒரே ஒரு தலைப்பு வரி வைத்தேன். பிறகு பிவட் டேபிள். ஆயிரக்கணக்கான வரிகளை நாம் சொல்கிற மாதிரி வகை வகையாகச் சேர்த்து, இந்த வகையில் எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று ஒரு நொடியில் காட்டுகிற அட்டவணை அது. அதைக் கண்டுபிடித்தவனுக்கு நான் பலமுறை மனத்துக்குள் கும்பிடு போட்டிருக்கிறேன்.

வியாபாரி பெயரை வரிசையில் போட்டு, அதற்குக் கீழே பில் எண்ணைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வவுச்சர், மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டேன். ஒரே பில்லுக்கு இரண்டு வவுச்சர் இருந்தால் எண்ணிக்கையில் இரண்டு என்று வரும். ஏறக்குறைய எல்லாமே ஒன்று. இரண்டு என்று வந்த சிலவற்றைத் தோண்டினால், இயந்திரக்காரருக்கு முன்பணம் ஒரு தடவை, பாக்கி ஒரு தடவை. வங்கியிலிருந்து திரும்பிவந்து மறுபடி போன பணம் ஒன்று. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. இருக்கத்தானே செய்யும், ஒரே வியாபாரியின் பெயரில் ஒரே பில் எண்ணை இரண்டாம் முறை பதிந்தால் மென்பொருளே மணியடித்துத் தடுத்துவிடும்.

அப்படியானால் மணியடிக்காத இடம் எது என்று யோசித்தேன். பெயர் வேறாக இருந்தால் மணியடிக்காது. பில் எண்ணில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் அடிக்காது. குடோனில் பில் எண்ணை வெறும் எண்ணாக அடிப்பார்கள். முன்மேசைப் பெண்கள் படித்தவர்கள், பில்லில் அச்சடித்திருக்கிற கடையின் எழுத்து, கோடு, எண் என்று உள்ளபடியே அடிப்பார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, எழுத்தையும் கோட்டையும் இடைவெளியையும் நீக்கி எண்ணை மட்டும் நிறுத்தினேன். அந்த நெடுவரிசையையும் சேர்த்து மறுபடி பிவட் போட்டேன். இந்த முறை பெயரைத் தூக்கிவிட்டேன். வெறும் எண், அதற்குக் கீழே தொகை, எத்தனை வவுச்சர். எண் மட்டும் ஒத்துப்போனால் அதில் ஒன்றுமில்லை, எந்தக் கடையிலும் அதே எண்ணில் ஒரு பில் இருக்கும். எண்ணும் தொகையும் சேர்ந்து ஒத்துப்போனால் விஷயம் வேறு. ஒன்றுக்கு மேல் வந்ததை மட்டும் காட்டு என்று வடிகட்டியதும் திரை முழுவதும் இரண்டு, இரண்டு, இரண்டு என்று இறங்கியது.

எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. குடோன்காரர் தப்பித்தார். சாக்கு எங்கும் போகவில்லை, பில்தான் இரண்டு தடவை ஏறி, பணமும் இரண்டு தடவை போயிருக்கிறது.

கீழே வியாபாரி பெயரை இழுத்துப் போட்டேன். ஒவ்வொரு இரண்டும் இரண்டு பெயராகப் பிரிந்தது. ஒன்று பாயின் கடைப் பெயர். மற்றது பாயின் சொந்தப் பெயர். இரண்டு என்ற அந்த எண்ணின் மேல் இரண்டு முறை க்ளிக் செய்தால், அதற்குள் இருக்கிற வரிகளைத் தனித் தாளில் எடுத்துக் கொடுக்கும். கொடுத்தது. கடைப் பெயரில் போன பணம் ஒரு வங்கிக் கணக்குக்கு, சொந்தப் பெயரில் போனது வேறொரு கணக்குக்கு. வெள்ளைப் பிரதிக்கு வாராவாரம், ரோஸ் பிரதிக்கு மாதம் ஒருமுறை.

சொந்தப் பெயரில் ஒரு குறியீட்டு எண் ஏன் வந்தது என்று கோப்பைத் தேடினேன். முன்பு ஒருசமயம் பாயின் கடைக் கணக்கை வங்கியில் ஏதோ காகிதம் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு தடவைக்கு மட்டும் இதில் போடுங்கள் என்று அவர் வேறு பாஸ்புக்கின் நகலைக் கொடுத்திருக்கிறார். பழைய வியாபாரியின் வங்கி எண்ணை மாற்ற முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும். முதலாளி ஊரில் இல்லை. முன்மேசையில் அப்போது இருந்த பெண் சாமர்த்தியமாக, அவர் சொந்தப் பெயரில் புது வியாபாரியாகவே பதிந்துவிட்டாள். கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள் அவள். அந்தப் பெயர் மட்டும் பட்டியலில் தங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் பாய் எதிரில் நின்றுகொண்டு ரோஸ் காகிதத்தை நீட்டும்போது, பாயின் பெயரை அடித்தால் வருகிற அந்தக் கணக்கிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கோப்பில் அந்தப் பாஸ்புக் நகல் இருந்தது. முதல் பக்கத்தில் இரண்டு பெயர். பாயும் அவர் மனைவியும். கூட்டு சேமிப்புக் கணக்கு.

உம்மா அக்கவுண்ட்.

நம்பாமல் இன்னொரு பிவட் போட்டேன். அந்தக் குறியீட்டு எண்ணுக்கு மட்டும், பணம் அனுப்பிய தேதிவாரியாக மொத்தம். மாதத்துக்கு ஒரு வரி. சம்பளம் போல, மாதம் தவறாமல்.

அதுவரை ஆலையில் நான் கண்டுபிடித்த எந்தத் தவறும் எனக்குச் சந்தோஷத்தையே கொடுத்திருக்கிறது. அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி நெல் அவிக்கிற தொட்டியில் போட்டால் என்ன என்று இருந்தது. அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பணம். அதை அனுப்பிக்கொண்டிருந்தது எங்கள் ஆலை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். பேசாமல் இருந்தால் குடோன்காரரின் வேலை போகும். சரி, முதலாளியிடம் மட்டும் சொல்லி, பணத்தை நிறுத்திவிட்டு பாயிடம் சொல்லாமல் இருந்தால்? அடுத்த மாதம் பணம் வராது. அதற்கடுத்த மாதமும் வராது. மகன் அந்த மாதம் செத்துவிட்டான் என்று பாயின் மனைவி நினைப்பார். எப்படித் திருப்பினாலும் முள் என் பக்கமே குத்தியது.

முதலாளியிடம் சொன்னேன். மகன் விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு வேலையை விட்டிருப்பேன்.

“பாவம்தாம்மா. பாய் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா பணத்தை விட்டுக்குடுக்கச் சொல்லாத. கொஞ்சமா நஞ்சமா? இனி வர்ற பில்லுல பாதி பாதியா கழிச்சுக்குவோம், அவருக்கும் கஷ்டமில்லாம இருக்கும். இவ்வளவு அதிகமா வந்திருக்குன்னு அவர்கிட்ட ஒரு கடிதத்துல கையெழுத்து மட்டும் வாங்கிரு. ஆடிட்டருக்கு வேணும்.”

“ஆள அனுப்புங்க சார். நான் போகல.”

“ஆள் போனா வெறும் கையெழுத்துதான் வாங்குவான். நீ போனா சொல்லுற விதமா சொல்லுவ.”

சொல்லுகிற விதம். மன்னார்குடி போய், பட்டுக்கோட்டையில் பஸ் மாறி, தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போன வழியெல்லாம் அந்த விதம் எது என்று தேடினேன். கிடைக்கவில்லை. பையில் கடிதமும், மாதவாரியாக நான் எடுத்த அந்தப் பிவட் அட்டவணையும் இருந்தன.

வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்ததால் பாய் தெருமுனையிலேயே நின்றார். ஆபீஸ் பொம்பளப்புள்ள வீட்டுக்கு வருகிறது என்று ஆட்டுக்கறி வாங்கியிருந்தார்கள். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். உயரமான, மெலிந்த பெண்மணி. தலையிலிருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு தயாராகிறது, அதற்குள் மேலே வந்து பாருங்க என்றார்.

மாடியில் ஓர் அறை பாதி எழும்பியிருந்தது. சுவர் முடிந்து, கூரை போடுவதற்குக் கம்பி கட்டியிருந்தார்கள். சிமெண்ட் மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன.

“அவன் பணத்துல ஒரு பைசா வீட்டுச் செலவுக்கு எடுக்கலம்மா. எல்லாம் சேத்து அவனுக்கே ரூம் போடுறோம். கல்யாணம்னா கோவிச்சுக்குறான். ரூம்னா கோவிச்சுக்க மாட்டான்ல?” என்று சிரித்தார்.

கழிக்க வேண்டிய பணம் சுவராக நிற்கிறது.

கீழே வந்ததும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டைப் போட்டுவிட்டால் பிறகு என் வாய் திறக்காது என்று பயம். பாய் நாற்காலியில் இருந்தார், அந்த அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார். வெள்ளை பில், ரோஸ் பில், இரண்டு பெயர், இரண்டு கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாய் வியாபாரி. பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கையை உயர்த்தினார்.

“இல்லம்மா. அது அவன் பணம். தொகை முழுசா வராது, உடைச்சலா வரும். ரியால் ரேட்டு ஏறி எறங்குதுல்ல, அதனாலதான். நானே சொல்லியிருக்கேன் இவகிட்ட.”

“அது பில்லோட கூட்டல் பாய். அதான் உடைச்சலா வந்திருக்கு.”

“பேங்க்ல கேட்டோமே. வெளியிலேருந்து வந்த பணம்னுதானே சொன்னாங்க.”

வெளியிலிருந்து வந்தது என்று கவுண்டரில் அவசரத்தில் யாரோ சொன்னது பொய்யும் இல்லை. அவர்கள் வெளி என்றால் வேறொரு கிளை. இவர்களுக்கு வெளி என்றால் சவுதி.

அந்த அம்மா உள்ளே போய்ப் பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மாதாமாதம் வங்கிக்குப் போய் அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறார். வரவு வரிகளில் பெயர் எதுவும் இல்லை. நாங்கள் அனுப்புவது மொத்தமாக வங்கிக்குப் போகிற பட்டியல் என்பதால், பல்க் போஸ்டிங் என்று இரண்டு ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தது. அவர்கள் அதை மகனின் கம்பெனி பெயர் என்று நினைத்திருக்கிறார்கள்.

“எது எது உங்களோடதுன்னு காட்டும்மா” என்றார்.

என் அட்டவணையைப் பக்கத்தில் விரித்தேன். பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன். பாய் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசி வரியிலிருந்து மேலே போனேன். தேதியும் தொகையும் பைசா பிசகாமல் பொருந்தியது. ஒரு டிக். அதற்கு முந்தின மாதம். பொருந்தியது. இன்னொரு டிக். அந்த அம்மா குனிந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டிக்குக்கும் அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. ஏதாவது ஒன்றாவது பொருந்தாமல் போகட்டும் என்று நானும் வேண்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிவட் சரியாகவே கூட்டியிருந்தது.

கொஞ்சம் மேலே போனதும் முதல் தடவையாக ஒரு வரி டிக் இல்லாமல் நின்றது. சின்னத் தொகை. அந்த அம்மாவின் விரல் சட்டென்று அதன் மேல் வந்து அழுந்தியது.

“இது? இது உங்க லிஸ்ட்டுல இல்லல்ல? இது எம்புள்ள அனுப்பினது. கையில இருந்தத அனுப்பியிருக்கான்.”

எனக்குத் தெரியும். பாய்க்கும் தெரியும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்தார்.

“அது வட்டிம்மா. மூணு மாசத்துக்கு ஒருதடவ பேங்க்கு குடுக்குற வட்டி” என்றேன்.

விரலை அவர் எடுக்கவில்லை. நான் அந்த விரலையும் மற்ற வட்டி வரிகளையும் தாண்டி மேலே டிக் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் பணம் தொடங்கிய மாதமும் முடிந்தது. அதற்கு முன்னால் சில மாதங்கள் வரவே இல்லை. இன்னும் மேலே, முந்தின பக்கத்தில், முழுத் தொகையாக, பணம் மாற்றும் நிறுவனத்தின் பெயரோடு ஒரு வரி இருந்தது. அதுதான் அவன் அனுப்பிய கடைசிப் பணம். அந்தத் தேதியை நான் வாய்விட்டுப் படித்தேன். ஒன்றரை வருஷம் கடந்திருந்தது.

அந்த அம்மா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமையல்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பாய்க்கு எதிரில் சுவரோரமாக உட்கார்ந்தார்.

“உங்க தங்கச்சி மகன் தேடிக்கிட்டு இருந்தாரே. அவர ஏன் நிறுத்தச் சொன்னீங்க?” என்றார்.

அதற்குப் பாய் என்னிடம்தான் பதில் சொன்னார். அவர் தங்கை மகன் தம்மாமில் இருக்கிறார். பேச்சும் பணமும் நின்று சில மாதம் ஆனதும் அவர் லீவு போட்டு, அந்தக் கம்பெனிக்குப் போய், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார். இங்கே பாய் கலெக்டர் ஆபீசில் கொடுக்க ஒரு மனுவும் தயார் செய்திருக்கிறார். அந்த வாரத்தில்தான் உம்மா அக்கவுண்ட்டில் எங்கள் ஆலையின் பணம் முதல் தடவை விழுந்திருக்கிறது. புள்ளை கோவத்தில் ஒதுங்கி இருக்கிறான், போலீசை வைத்துத் தேடினால் அவன் விசாவுக்குத்தான் வில்லங்கம் என்று தங்கை மகனுக்கு இவர் போன் போட்டுத் தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார். மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

“தேடியிருந்தா அப்பவே ஏதாவது தெரிஞ்சிருக்கும்லம்மா?” என்று கேட்டார். டீ குடிக்கும்போது கேட்பாரே, அதே தோரணை. நான் பென்சிலை அவரிடம் திருப்பி நீட்டினேன்.

கடிதத்தை நானாக எடுக்கவில்லை. அவர்தான் கேட்டு வாங்கினார். படித்துப் பார்த்து, தொகையைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டார். “மொதலாளிகிட்ட சொல்லுங்க, ஒரு சாக்கு குறையாம கழிச்சுக் குடுத்துருவேன்” என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு வியாபார நாணயம் தவறக்கூடாது. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னைத் திட்டியிருக்கலாம். ஆலையைத் திட்டியிருக்கலாம். எங்கள் முன்மேசையின் மரியாதையை நடுத்தெருவில் போட்டு மிதித்திருக்கலாம்.

கிளம்ப எழுந்தேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார். பாயைப் பார்த்து, “அந்த மனுவ இந்தப் புள்ளைய வச்சே எழுதிருவோம். நல்லா எழுதும். நாளைக்கே போய்க் குடுப்போம்” என்றார். ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுதினேன். பெயர், வயது, பாஸ்போர்ட் எண், கம்பெனி, கடைசியாகப் போனில் பேசிய நாள், கடைசியாகப் பணம் வந்த நாள். பாய் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினேன். எந்த அதிகாரி படித்தாலும் அங்கேதான் நிறுத்துவார் என்று எனக்குத் தோன்றியது.

“ஒன்றரை வருஷமா ஏன் புகார் குடுக்கலன்னு கேப்பாங்களே பாய். என்ன எழுதட்டும்?”

அவர் முக்காட்டுக்குள் முகத்தை வைத்திருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உள்ளதையே எழுதுங்கம்மா. பணம் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதனால தேடலன்னு எழுதுங்க.”